ஒரு ஆளுக்கு எத்தனை சதுர மீற்றர் பசுமை?

கேள்வி: சேர், கல்லடிப் பக்கம் ஒரு மைதானமும் சிறுவர் பூங்காவும் கேட்டு மாநகர சபைக்கு மகஜர் எழுதுகிறோம். ஒரு ஆளுக்கு எத்தனை சதுர மீற்றர் பசுமை என்று தேடினால் ஒரு அறிக்கையில் எண் பெரிதாக இருக்கிறது, இன்னொன்றில் மிகச் சிறிதாக இருக்கிறது. எது சரி? உலக சுகாதார ஸ்தாபனம் 9 சதுர மீற்றர் வேண்டும் என்கிறதாமே, அதை எழுதலாமா?

பதில்: இரண்டுமே சரியாக இருக்கலாம். ஒன்று வானத்திலிருந்து பார்த்து இலையை அளந்திருக்கும். மற்றது தரையில் நின்று, யாரும் கேட்காமல் உள்ளே போகக்கூடிய நிலத்தை அளந்திருக்கும். அறிக்கைகளில் இரண்டும் "ஒரு ஆளுக்கான பசுமை" என்ற ஒரே பெயரில் வந்துவிடுவதால்தான் இந்தக் குழப்பம். நீங்கள் கேட்பது மைதானம், ஆகவே உங்களுக்கு வேண்டியது இரண்டாவது எண். மகஜரில் முதலாவதை எழுதினால் அது உங்களுக்கே எதிராகத் திரும்பும். எப்படியென்று கல்லடியை வைத்தே சொல்கிறேன்.

கல்லடியில் ஒரு சாதாரண வளவை நினைத்துப் பாருங்கள். நான்கு தென்னை, ஒரு மா, வேலியோரம் முருங்கை, கிணற்றடியில் வாழை. செய்மதிப் படத்தில் கூரை பாதிதான் தெரியும், மிச்சம் எல்லாம் பச்சை. புள்ளிவிபரத்தில் இதற்கு மரக்கவிகைப் பரப்பு என்று பெயர். மரத்தின் கிளையும் இலையும் மேலிருந்து பார்க்கும்போது தரையை எவ்வளவு மறைக்கின்றன என்பதுதான் அளவு. இரண்டு மரத்தின் கிளைகள் ஒன்றின் மேல் ஒன்று விழுந்தால் ஒரு தடவைதான் எண்ணுவார்கள். மரம் யாருடையது, வேலி இருக்கிறதா, கேற் பூட்டா என்பதெல்லாம் இந்தக் கணக்கில் வராது. நன்றாக வளர்ந்த ஒரு தென்னையின் வட்டு 8 மீற்றர் அகலம் என்று வைத்தால் பரப்பு 50 சதுர மீற்றர். நீங்கள் கேட்கும் 9 சதுர மீற்றரை மரக்கவிகையால் நிரப்பலாம் என்றால், ஐந்து பேரின் பங்கை ஒரே தென்னை தீர்த்துவிடும். அந்தத் தென்னைக்குக் கீழே உங்கள் கழகப் பிள்ளைகள் பந்து அடிக்க முடியாது.

பசுமைப் பரப்பு என்பது இதைவிட அகலமானது. மரத்தோடு புல், பற்றை, மரக்கறித் தோட்டம், நெல் எல்லாம் அதற்குள் வரும். பெரும்பாலும் செய்மதி தரும் சிவப்பு ஒளியையும் NIR எனப்படும் அகச்சிவப்பு ஒளியையும் வைத்து NDVI என்ற பசுமைச் சுட்டெண்ணை இப்படிக் கணிக்கிறார்கள்:

```
NDVI = (NIR - Red) / (NIR + Red)
```

உயிருள்ள இலை சிவப்பு ஒளியை உறிஞ்சும், அகச்சிவப்பைத் திருப்பி அனுப்பும். அதனால் பச்சை அடர்த்தியாக இருக்கும் இடத்தில் விடை 1ஐ நோக்கிப் போகும், வெறும் மணலிலும் சீமெந்திலும் 0க்குப் பக்கத்தில் நிற்கும். எந்த எண்ணுக்கு மேலே போனால் "பசுமை" என்பதைக் கணக்குச் செய்பவர்தான் தீர்மானிக்கிறார். அந்த வெட்டுக்கோட்டைச் சற்றே கீழே இறக்கினால் பாதி காய்ந்த புல்லும் பசுமையாகிவிடும். இலவசமாகக் கிடைக்கும் Sentinel-2 படத்தில் ஒரு கட்டம் 10 மீற்றருக்கு 10 மீற்றர், அதாவது ஏறக்குறைய நாலு பேர்ச். நம் ஊரில் பத்துப் பேர்ச் காணியில் கூரை, முற்றம், தென்னை எல்லாம் இரண்டு மூன்று கட்டத்துக்குள் கலந்து கிடக்கும். அந்தக் கட்டம் பச்சையா இல்லையா என்பது வெட்டுக்கோட்டைப் பொறுத்தது.

அப்புறம் மாதம். வடகீழ்ப் பருவமழைக் காலமான சனவரியில் எடுத்த படத்தில் வெறும் வளவுகூடப் புல்லால் மூடியிருக்கும். அதே இடம் ஆகஸ்டில் மணல் நிறம். படம் எடுத்த மாதத்தைச் சொல்லாத பசுமை எண்ணை நான் நம்புவதில்லை. இரண்டு வருடங்களை ஒப்பிட்டுப் பசுமை கூடியது, குறைந்தது என்று சொல்கிறவர்களிடம் முதலில் கேட்க வேண்டியதும் இரண்டு படமும் ஒரே மாதத்தவையா என்பதைத்தான்.

காடுகளுக்கான எண்ணும் இதோடு சேர்த்துக் குழப்பப்படும். உலக உணவு விவசாய ஸ்தாபனத்தின் வரைவிலக்கணப்படி, 0.5 ஹெக்டயருக்கு மேற்பட்ட நிலமும் 5 மீற்றருக்கு மேல் வளரும் மரமும் 10 வீதத்துக்கு மேல் கவிகையும் இருந்தால்தான் காடு. முதன்மையாக நகரப் பயன்பாட்டிலோ விவசாயத்திலோ உள்ள நிலம் அதற்குள் வராது. ஆகவே மாவட்டத்தின் காட்டு வீதத்தை எடுத்து மட்டக்களப்பு நகரத்துக்குப் பொருத்தினால், நகரத்துக்குள்ளே நிற்கும் ஒரு மரமும் அதில் இருக்காது, நகரத்தில் இல்லாத காடு முழுவதும் இருக்கும்.

இனி மூன்றாவது, உங்களுக்கு உரியது: பொதுத் திறந்தவெளி. ஐக்கிய நாடுகளின் நிலைபேறான அபிவிருத்தி இலக்குகளில் 11.7.1 என்ற குறிகாட்டி இதற்காகவே இருக்கிறது. நகரத்தின் கட்டுமானப் பரப்பில் எல்லோரும் பயன்படுத்தக்கூடிய திறந்தவெளி எத்தனை வீதம் என்று அது கேட்கிறது. இங்கே பச்சை என்பது நிபந்தனையே அல்ல, வாசல் திறந்திருப்பதுதான் நிபந்தனை. கல் பதித்த சதுக்கம் இதில் வரும். மதில் கட்டிய மாந்தோப்பு வராது. வீதிக்கான நிலத்தையும் தனியாக அளந்து கூட்டுவார்கள், ஏனென்றால் வீதியும் பொது இடம். இதனால்தான் 11.7.1 இன் எண்ணைப் பார்த்துவிட்டு "எங்கள் ஊரில் இத்தனை வீதம் பூங்கா" என்று எழுதக் கூடாது. அதில் பெரும்பங்கு தார் வீதியாக இருக்கலாம்.

சரி, ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இது கல்லடி, நாவற்குடா போன்ற ஒரு பகுதியை மனதில் வைத்து நான் அமைத்த மாதிரி, எந்த அறிக்கையிலும் இருந்து எடுத்ததல்ல. வாவிக்கரையிலிருந்து கடற்கரை வரை 1 சதுர கிலோமீற்றர் நிலம், அதாவது 100 ஹெக்டயர். வசிப்பவர்கள் 5,000 பேர். இப்படி வைத்தால் ஒரு வசதி உண்டு: ஒவ்வொரு ஹெக்டயரும் ஒரு ஆளுக்குச் சரியாக 2 சதுர மீற்றர்.

அந்த 100 ஹெக்டயரில் 60 வீட்டு வளவுகள். 14 வீதிகளும் ஒழுங்கைகளும். 6 கடற்கரை மணல். 3 பள்ளிக்கூட மைதானங்கள். 3 கோயில், தேவாலய வளவுகள். 2 வாவியோரக் கண்டல். 4 வெறும் காணி. 6 கடைகளும் அலுவலகங்களும். மிஞ்சும் 2 ஹெக்டயரில் ஒன்றரை பொது மைதானம், அரை பூங்கா.

வளவுகளில் நூற்றுக்கு நாற்பது பங்கு மரம் மூடியிருக்கிறது என்றால் அது 24 ஹெக்டயர். கண்டல் 2. கோயில், பள்ளிக்கூடம், வீதியோர மரங்கள் சேர்ந்து ஒரு 2. ஆக மரக்கவிகை 28 ஹெக்டயர், ஒரு ஆளுக்கு 56 சதுர மீற்றர். சனவரிப் படத்தில் புல்லும் சேர்ந்து பசுமை 40 ஹெக்டயர் ஆகலாம், அப்போது ஒரு ஆளுக்கு 80. ஆனால் பொதுத் திறந்தவெளி? அந்த 2 ஹெக்டயர்தான். ஒரு ஆளுக்கு 4 சதுர மீற்றர். ஒரே நிலம், ஒரே சனம், 80உம் 4உம் இரண்டும் உண்மை.

இதில் ஆளையே திருப்பிப் போடுவது கடற்கரை. நகர அபிவிருத்தி அதிகார சபையின் திட்டமிடலில் பொதுப் பொழுதுபோக்கு வெளிக்கு 1,000 பேருக்கு 1.4 ஹெக்டயர் என்ற அளவைப் பயன்படுத்துகிறார்கள். ஒரு ஆளுக்கு 14 சதுர மீற்றர். நம் மாதிரிப் பகுதிக்கு 7 ஹெக்டயர் வேண்டும். கையில் 2தான் இருக்கிறது, 5 ஹெக்டயர் குறை. ஆனால் கடற்கரை மணல் 6 ஹெக்டயரையும் சேர்த்து எழுதினால் மொத்தம் 8, ஒரு ஆளுக்கு 16. குறை இருந்த இடத்தில் மிகுதி வந்துவிட்டது. ஒரு கல்லும் நகரவில்லை, ஒரு விளையாட்டு வலையும் கட்டவில்லை.

கடற்கரையைச் சேர்ப்பது பிழை என்று நான் சொல்லமாட்டேன். கல்லடிக் கடற்கரை மாலை நேரத்தில் எத்தனை குடும்பங்களுக்குப் பூங்காவாக இருக்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும். ஐக்கிய நாடுகளின் வரைவிலக்கணத்திலும் எல்லோருக்கும் திறந்த கடற்கரை பொதுவெளிதான். ஆனால் அதை ஒரே எண்ணுக்குள் மறைக்கக் கூடாது என்பது என் கருத்து. மணல் சுடும் நண்பகலில், கடல் கொந்தளிக்கும் மாரியில், சக்கர நாற்காலியில் வரும் ஒருவருக்கு, அந்த 6 ஹெக்டயர் பெரும்பாலும் இல்லாத நிலம். தோணியும் வலையும் கிடக்கும் பகுதி மீனவருக்குத் தொழில் செய்யும் இடம். ஆகவே "கடற்கரை இல்லாமல் 4, கடற்கரையோடு 16" என்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். மகஜரை வாசிக்கும் அதிகாரி கடற்கரையைத் தூக்கிக் காட்டுவதற்கு முன்னால் நீங்களே காட்டிவிட்டீர்கள்.

பள்ளிக்கூட மைதானத்துக்கும் இதே விதி. பள்ளி முடிந்த பிறகு ஊருக்குத் திறந்துவிடுகிறார்களா என்று நேரில் போய்ப் பாருங்கள். திறந்தால் சேர்க்கலாம், பூட்டினால் விடவேண்டும். வரைபடத்தில் மைதானம் என்று பச்சை நிறம் அடித்திருப்பதால் மட்டும் அது பொதுவெளி ஆகாது. நான் பல வருடங்களுக்கு முன் ஒரு திட்ட அறிக்கைக்கான வேலையில் இருந்தபோது, சேமக்காலையும் மதில் கட்டிய ஒரு அரச விடுதியின் புல்தரையும் திறந்தவெளிப் பட்டியலில் சேர்ந்திருந்ததைக் கண்டேன். யாரும் வேண்டுமென்று செய்யவில்லை. வரைபடத்தில் கட்டடம் இல்லாத இடம் எல்லாவற்றையும் கணினியில் தெரிவுசெய்திருந்தார்கள், அவ்வளவுதான். சைக்கிளில் ஒரு பின்னேரம் சுற்றி வந்திருந்தால் அந்தப் பிழை வந்திருக்காது.

அடுத்தது தண்ணீர். மட்டக்களப்பு மாவட்டத்தின் மொத்தப் பரப்பு 2,854 சதுர கிலோமீற்றர், அதில் 244 உள்நாட்டு நீர்ப்பரப்பு, நிலம் 2,610. வாவி நகரத்தின் நடுவாலேயே போவதால் நகர எல்லைக்குள்ளும் இந்தப் பிரச்சினை வரும். நம் மாதிரிப் பகுதியின் எல்லைக்குள் 40 ஹெக்டயர் வாவியும் விழுகிறது என்று வையுங்கள். நிலத்தால் பிரித்தால் மரக்கவிகை 28 வீதம். மொத்தப் பரப்பால் பிரித்தால் 140இல் 28, அதாவது 20 வீதம். மரம் ஒன்றும் விழவில்லை, வகுக்கும் எண் மாறியிருக்கிறது. வாவியையும் "திறந்தவெளி" என்று எண்ணினால் ஒரு ஆளுக்கு ஒரேயடியாக 80 சதுர மீற்றர் கூடிவிடும். நீல வெளியைத் தனி வரியில்தான் எழுதவேண்டும்.

எல்லையும் இதே மாதிரித்தான். இலங்கையின் புள்ளிவிபரத்தில் மாநகர சபை, நகர சபைப் பகுதிகள்தான் நகரம். பிரதேச சபைப் பகுதி எவ்வளவு நெருக்கமாக இருந்தாலும் கிராமம் அல்லது தோட்டம். அதனால் கல்லடியிலிருந்து தெற்கே வீதியில் போனால் வீடுகள் விட்டுப் போகாமலே காத்தான்குடி நகர சபை வருகிறது, அதைத் தாண்டி ஆரையம்பதி பிரதேச சபைக்குள் போனதும் கணக்கில் கிராமம். எழுவான்கரையில் சனம் நெருங்கிக் கிடக்கிறது, படுவான்கரையில் வயல் விரிந்து கிடக்கிறது. இரண்டையும் ஒரே எல்லைக்குள் போட்டுச் சராசரி எடுத்தால் வவுணதீவின் நெல்வயல் காத்தான்குடிப் பிள்ளையின் பங்காகத் தெரியும். எந்த எண்ணுக்கும் எல்லை எது என்று கேளுங்கள்: மாவட்டமா, பிரதேச செயலகப் பிரிவா, மாநகர சபையா, கிராம சேவகர் பிரிவா. உங்கள் மகஜருக்குக் கிராம சேவகர் பிரிவே சரி.

கீழே வகுக்கும் சனத்தொகையிலும் கவனம் வேண்டும். 2001 குடிசன மதிப்பு யுத்தம் காரணமாக மட்டக்களப்பில் முழுமையாக நடக்கவில்லை. அம்பாறையில் முழுமையாக நடந்தது. 1981க்குப் பிறகு மட்டக்களப்பு முழுவதையும் முதன்முறையாக எண்ணியது 2012இல்தான். ஆகவே நம் மாவட்டத்துக்கு 2001ஐ அடியாக வைத்துப் போட்ட ஒரு ஆளுக்கான கணக்கைக் கண்டால், அந்தச் சனத்தொகை மதிப்பீடா எண்ணிக்கையா என்று பாருங்கள்.

ஆளுக்கு இத்தனை என்ற அளவுக்கே ஒரு குணம் இருக்கிறது: சனம் போனால் எண் நல்லதாகத் தெரியும். நாவலடியை நினைத்துப் பாருங்கள். 2004 சுனாமி அந்த மணல்திட்டை அடித்துக்கொண்டு போனது. தப்பியவர்களில் பலர் திராய்மடுவில் குடியேறினார்கள். மரமும் போய் மனிதரும் போன இடத்தில், மிஞ்சியவர்களுக்கு ஒரு ஆளுக்கான நிலம் கூடிவிடும். அந்த எண்ணை முன்னேற்றம் என்று வாசிக்க நம்மில் யாருக்கும் மனம் வராது. 1978 நவம்பர் சூறாவளி இதற்கு மறுபக்கம். ஒரே இரவில் மட்டக்களப்பின் தென்னந்தோப்புகள் சரிந்தன. மரக்கவிகை விழுந்தது, ஆனால் ஒரு மைதானமும் குறையவில்லை. ஒரு எண் மாறும்போது மேலே உள்ளது மாறியதா, கீழே உள்ளது மாறியதா என்று பிரித்துப் பார்த்தால்தான் நடந்தது விளங்கும்.

இப்போது அந்த 9 சதுர மீற்றருக்கு வருகிறேன். அதை எழுத வேண்டாம். உலக சுகாதார ஸ்தாபனம் சொன்னதாக எல்லோரும் எடுத்தாள்கிறார்கள், ஆனால் மூல ஆவணத்தைத் தேடிப்போன ஆய்வாளர்களுக்கு அது கிடைக்கவில்லை. விபரம் தெரிந்த ஒரு திட்டமிடல் உத்தியோகத்தர் அந்த ஒரு வரியைப் பிடித்தே மகஜரைத் தள்ளிவைக்கலாம். அந்த ஸ்தாபனத்தின் ஐரோப்பியப் பிராந்திய அலுவலகம் 2017இல் வெளியிட்ட வழிகாட்டியில் இருப்பது வேறு: குறைந்தது 0.5 முதல் 1 ஹெக்டயர் வரையான பொதுப் பசுமை வெளி, வீட்டிலிருந்து நேர்கோட்டில் 300 மீற்றருக்குள், ஏறக்குறைய ஐந்து நிமிட நடை. இது ஆளுக்கு எத்தனை என்று கேட்கவில்லை, எத்தனை தூரம் என்று கேட்கிறது. உங்கள் வாதத்துக்கு இதுவே பலம். சராசரி 4 சதுர மீற்றர் என்றால் அந்த 4உம் ஒரு மூலையிலேயே கிடக்கலாம். மறு மூலைப் பிள்ளைக்கு அது பூச்சியம்.

ஆனால் நம் ஊரில் நேர்கோடு ஏமாற்றும். புளியந்தீவில் வாவிக்கரையில் நின்றால் அக்கரை கைக்கெட்டும் தூரம். வரைபடத்தில் 300 மீற்றர் வட்டம் கீறினால் அது தண்ணீரைத் தாண்டிக் கோட்டைமுனைப் பக்கத்து வீடுகளையும் உள்ளே இழுத்துக்கொள்ளும். அந்த வீட்டுப் பிள்ளை வாவியின் மேலே நடந்து வரமுடியாது, பாலத்தைச் சுற்றித்தான் வரவேண்டும். 11.7.1 குறிகாட்டி இதைச் சரியாகக் கையாள்கிறது: வீதி வழியாக நடக்கும் 400 மீற்றருக்குள் திறந்தவெளி உள்ள சனத்தொகை எத்தனை வீதம் என்று கேட்கிறது. மட்டக்களப்புக்கு வட்டம் கீறிய எந்த வரைபடத்தையும் ஏற்காதீர்கள், வீதி வழியே அளந்ததைக் கேளுங்கள்.

நீங்களே செய்யக்கூடியது இதுதான். உங்கள் கிராம சேவகர் பிரிவின் எல்லையையும் சனத்தொகையையும் பிரதேச செயலகத்தில் கேட்டு வாங்குங்கள். திறந்தவெளிகளை நேரில் போய்ப் பார்த்து, ஒவ்வொன்றுக்கும் வாசல் திறந்திருக்கும் நேரத்தையும், பரப்பைப் பேர்ச்சிலும் சதுர மீற்றரிலும் எழுதுங்கள். ஒரு பேர்ச் 25.29 சதுர மீற்றர். பிறகு ஒவ்வொரு வாசலில் இருந்தும் வீதி வழியே 400 மீற்றர் நடந்து, எந்த ஒழுங்கையில் முடிகிறதோ அங்கே வரைபடத்தில் ஒரு புள்ளி வையுங்கள். அந்தப் புள்ளிகளுக்கு வெளியே எத்தனை வீடு என்று எண்ணுவது ஒரு கழகத்துக்கு இரண்டு ஞாயிற்றுக்கிழமை வேலை.

மரக்கவிகையும் வேண்டுமென்றால் i-Tree Canopy என்ற இலவசக் கருவி இருக்கிறது. எல்லையைக் கொடுத்தால் செய்மதிப் படத்தில் குலுக்கல் முறையில் புள்ளிகளைப் போடும், ஒவ்வொரு புள்ளியும் மரத்தில் விழுந்ததா இல்லையா என்று நீங்கள் சொல்லவேண்டும். 100 புள்ளி வைத்து 28 மரத்தில் விழுந்தால் உண்மை எண் அதற்கு மேலும் கீழும் 9 வீதம் வரை தள்ளி நிற்கலாம். 500 புள்ளி வைத்தால் தளம்பல் 4 வீதமாகக் குறையும். 100 புள்ளியோடு நின்றுவிட்டு 28.0 என்று தசமத்தில் எழுதாதீர்கள்.

மகஜரில் முதல் வசனத்தை இப்படி வையுங்கள்: "இந்தக் கிராம சேவகர் பிரிவில் கட்டணமின்றி எல்லோருக்கும் திறந்திருக்கும் பூங்காவும் மைதானமும், கடற்கரையும் வாவியும் நீங்கலாக, ஒரு ஆளுக்கு இத்தனை சதுர மீற்றர். வீதி வழியே 400 மீற்றருக்குள் அப்படி ஒரு இடம் இல்லாத வீடுகள் இத்தனை." அதன் கீழே எல்லை, சனத்தொகையின் ஆண்டு, அளந்த மாதம். வீடுகளின் எண்ணிக்கை வந்ததும் எனக்கும் எழுதுங்கள், அனுப்புவதற்கு முன் கணக்கை ஒரு தடவை பார்த்துத் தருகிறேன்.